பெருங்காய டப்பாவின் பின்பக்கம்

போன வருடம் ஆடி மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி வந்தது. "அக்கா, உங்க இட்லிப் பொடியில கோதுமை இருக்கா?" நான் அப்போது அடுப்படியில் உளுந்து வறுத்துக்கொண்டிருந்தேன். கரண்டியை வைத்துவிட்டு, "இல்லம்மா, சுத்தமா பருப்பும் எள்ளும் மிளகாயும்தான்" என்று பதில் போட்டேன். மாமியார் கைப்பக்குவம், இருபது வருடமாக நான் அரைக்கும் பொடி. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? யோசிப்பதற்கே ஒன்றும் இருப்பதாகப் படவில்லை.

அந்தப் பெண் அடுத்து எழுதியதைப் படித்தபோதுதான் அது சாதாரணக் கேள்வி இல்லை என்று புரிந்தது. அவருடைய மகனுக்கு ஆறு வயது. ஒரு வருடத்துக்கு முன்னால் சீலியாக் நோய் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் பிள்ளையின் உடம்பே தன் சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கிச் சிதைக்கும். அதற்கு மருந்து கிடையாது, வாழ்நாள் முழுக்க குளூட்டனைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். சப்பாத்தி, பிஸ்கட், பிரெட், சேமியா, ரவை எல்லாம் நின்றுபோய், பிள்ளை இட்லியிலும் தோசையிலும் வளர்கிறான். சட்னி அரைக்க நேரமில்லாத காலை வேளைக்கு ஒரு நல்ல பொடி வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறார். இரண்டு பாக்கெட்டுக்குப் பணமும் அனுப்பிவிட்டார். மறுநாள் காலை கூரியரில் போட வேண்டியது.

அன்று ராத்திரி ரசத்துக்குப் பெருங்காயம் போட டப்பாவை எடுத்தேன். அந்தக் கேள்வி மனதில் இருந்ததால்தானோ என்னவோ, டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய அளவுக்குச் சின்ன எழுத்து. கூட்டுப் பெருங்காயம் என்று பெயர். சேர்மானத்தில் முதலில் உண்ணத்தக்க பசை, இரண்டாவதாகக் கோதுமை மாவு, அதற்கப்புறம்தான் பெருங்காயம். கீழே தடித்த எழுத்தில் "கோதுமை உள்ளது" என்று தனி வரி. ஒவ்வொரு ஈட்டுப் பொடியிலும் நான் இதைத்தான் போட்டு வந்திருக்கிறேன். கட்டிவைத்திருந்த பார்சலை அவிழ்த்து இரண்டு பாக்கெட்டையும் வெளியே எடுத்து வைத்தேன். அந்தப் பெண்ணுக்கு அந்த நேரத்திலேயே எழுதினேன்: "என்னை மன்னிச்சிடும்மா, நான் தப்பா சொல்லிட்டேன். கோதுமை இருக்கு."

பணத்தைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. அதற்கு முன் இரண்டு வருடம் விற்ற பாக்கெட் எதிலும் கோதுமை என்ற சொல்லே கிடையாது. கேட்காமல் வாங்கிப் போனவர்களில் யாருக்காவது சேராமல் போயிருந்தால்? அந்த நினைப்பு இன்னும் என்னை விடவில்லை. இதே மாதிரி வீட்டிலிருந்து பொடியும் ஊறுகாயும் தின்பண்டமும் செய்து விற்கும் எத்தனையோ பேர் அதே டப்பாவைத்தான் கையில் வைத்திருப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

பெருங்காயத்துக்குள் ஏன் கோதுமை?

பெருங்காயம் என்பது ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்து மலைகளில் வளரும் ஒரு செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால். காய்ந்தால் பிசினாகும். அப்படியே போட்டால் மணமும் காரமும் தாங்காது, கையாளவும் முடியாது. அதனால் கருவேலம் பிசினைப் போன்ற உண்ணத்தக்க பசை, மாவு இரண்டையும் சேர்த்துப் பிசைந்து இளக்கி விற்கிறார்கள். அந்த மாவு மைதாவாக இருக்கலாம், அரிசி மாவாகவும் இருக்கலாம். இது கலப்படம் இல்லை. கூட்டுப் பெருங்காயம் என்பதற்கே சட்டத்தில் அதுதான் இலக்கணம்: பெருங்காயத்தோடு பசையோ மாவுச்சத்தோ தானிய மாவோ சேர்ந்தது.

கட்டிப் பெருங்காயம் வாங்கினால் சுத்தம் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. நானும் நம்பியிருந்தேன். மறுநாள் கடைக்குப் போய் தூளும் கட்டியுமாக அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தேன். கட்டியிலும் கோதுமை மாவு இருந்தது. வடிவம்தான் வேறு, சேர்மானம் அதேதான். அரிசி மாவு மட்டும் சேர்த்த தூள் ஒன்றே ஒன்று கிடைத்தது. ஆக, தூளா கட்டியா என்பதை வைத்தோ, விலையை வைத்தோ, கடைக்காரர் சொல்வதை வைத்தோ முடிவு செய்ய வழியில்லை. டப்பாவின் பின்பக்கம்தான் ஒரே சாட்சி.

"ஒரு ஈட்டுக்கு ஒரு ஸ்பூன் பெருங்காயம், அதில் எவ்வளவு கோதுமை இருந்துவிடப் போகிறது" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ஈடு ஏறத்தாழ ஒரு கிலோ பொடி. அதில் பெருங்காயம் 5 கிராம். அந்தத் தூளில் பாதி மைதா என்று வைத்துக்கொண்டால் 2.5 கிராம் மைதா. மைதாவில் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஆக ஒரு கிலோ பொடியில் 250 மில்லிகிராம் வருகிறது. நம் நாட்டில் குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மைதா பாதி இல்லை, கால் பங்குதான் என்றாலும் 125 வரும். ஒரு ஸ்பூன் என்று நினைத்தது அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டி நிற்கிறது.

நான் தவறாகப் படித்த விதி

லேபிள் விஷயத்தில் நான் அலட்சியமாக இருந்ததாகச் சொல்ல மாட்டேன். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யில் பதிவு எடுத்து, 14 இலக்க எண்ணைப் போட்டு, பச்சைப் புள்ளி, தேதி, முகவரி, விலை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் அச்சடித்தேன். தமிழில் மட்டும் அடித்தால் போதாது, ஆங்கிலத்திலோ இந்தியிலோ கட்டாயம் இருக்க வேண்டும், தமிழ் அதற்கு மேல் நாம் விரும்பிச் சேர்ப்பது என்பதும் தெரியும். 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறையை ஒரு முறை முழுக்கப் படித்தும் இருக்கிறேன். படித்ததில்தான் தவறு நடந்தது.

அதில் கூட்டுச் சேர்மானம் பற்றி ஒரு விதி இருக்கிறது. நாம் வாங்கிப் போடும் ஒரு பொருளே பல பொருள்கள் சேர்ந்ததாக இருந்தால், அதன் பெயரை எழுதி அடைப்புக்குறிக்குள் அதன் உள் சேர்மானங்களையும் எடை வரிசையில் எழுத வேண்டும். ஆனால் அந்தக் கூட்டுப்பொருள் மொத்த உணவில் 5 சதவீதத்துக்கும் குறைவு என்றால் உள் சேர்மானங்களை விரிக்கத் தேவையில்லை, பொடியில் வேலை செய்யும் சேர்க்கைப் பொருள் ஏதாவது இருந்தால் அதை மட்டும் சொன்னால் போதும். என் பொடியில் பெருங்காயம் அரை சதவீதம். அப்புறம் என்ன, பெருங்காயம் என்று ஒரு சொல் போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒவ்வாமை அறிவிப்பு அதே விதிமுறையில் தனி இடத்தில் இருக்கிறது. அங்கே இந்த 5 சதவீதச் சலுகை கிடையாது. எட்டு வகைப் பொருள்களைச் சொல்கிறார்கள்: கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் மாதிரி குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் முந்திரி பாதாம் போன்ற கொட்டைகளும், சோயா, அப்புறம் கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள சல்ஃபைட். அளவு பார்ப்பது கடைசியாகச் சொன்ன சல்ஃபைட்டுக்கு மட்டும்தான். மற்ற ஏழும் எவ்வளவு கொஞ்சமாகச் சேர்ந்திருந்தாலும் "உள்ளது" என்று எழுதியாக வேண்டும். சேர்மானப் பட்டியலில் விரிக்க வேண்டாம் என்று ஒரு விதி விட்டுக்கொடுத்ததை, கோதுமையைச் சொல்லவே வேண்டாம் என்று நான் எடுத்துக்கொண்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சலுகை இருந்தாலும் இப்போது நான் அடைப்புக்குறியை விரித்தே எழுதுகிறேன். கோதுமை உள்ளது என்று கீழே மட்டும் போட்டால், இட்லிப் பொடியில் கோதுமை எங்கிருந்து வந்தது என்று படிப்பவர் குழம்புவார், அச்சுப்பிழை என்றுகூட நினைத்துவிடலாம். பெருங்காயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால் காரணமும் தெரிந்துவிடும்.

பட்டியலை மறுபடி எழுதியது

பெருங்காயத்தில் ஆரம்பித்தது முழு லேபிளையும் பிரிக்க வைத்தது. என் பழைய பட்டியல் இப்படி இருந்தது: உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, எள், மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. படிக்க நன்றாக இருக்கும். ஏனென்றால் ஒருத்தருக்குச் செய்முறை சொல்லும்போது அப்படித்தான் சொல்வோம், உப்பைக் கடைசியில்தான் சொல்வோம். ஆனால் லேபிளில் கேட்பது செய்முறை வரிசை இல்லை, எடை வரிசை. எது அதிகமோ அது முதலில்.

அதனால் ஒரு ஈட்டை ஆரம்பத்திலிருந்து தராசு வைத்துச் செய்தேன். அதுவரை எல்லாம் ஆழாக்குக் கணக்குத்தான். உளுத்தம்பருப்பு 500 கிராம், கடலைப்பருப்பு 250, மிளகாய் வற்றல் 120, எள் 100, உப்பு 60, நிழலில் உலர்த்திய கறிவேப்பிலை 20, நல்லெண்ணெய் 15, பெருங்காயம் 5. எள்ளைவிட மிளகாய் அதிகம் என்பது எனக்கே புதிய செய்தி. ஆழாக்கில் அளந்தால் எள் எடைக்கு நிறைய இருப்பதாகத் தெரியும், மிளகாயோ கைப்பிடிக் கணக்கில் போவதால் எடை கண்ணுக்குத் தெரியாது. உப்பு ஐந்தாவது இடத்துக்கு ஏறியது. எண்ணெய் பழைய லேபிளில் இல்லவே இல்லை. மிளகாயும் பருப்பும் வறுக்கும்போது விடுகிற எண்ணெயை நாம் சேர்மானமாக நினைப்பதில்லை, அது அடுப்புச் சமாசாரம் மாதிரி. ஆனால் அது பொடிக்குள்தான் போகிறது. தாவர எண்ணெய் என்று பொதுவாக எழுதவும் கூடாது, எந்த எண்ணெய் என்று சொல்ல வேண்டும்.

கறிவேப்பிலையில் கொஞ்சம் தடுமாறினேன். பச்சையாக நிறுத்தால் இந்த 20 கிராம் நான்கைந்து மடங்கு இருக்கும், எள்ளோடு போட்டி போடும். உலர்ந்த பிறகு எடுத்தால் கடைசியிலிருந்து மூன்றாவது. நான் உலர்த்தி டப்பாவில் வைத்துக்கொண்டு அதிலிருந்துதான் ஈட்டுக்கு எடுக்கிறேன், அதனால் உலர்ந்த கறிவேப்பிலை என்று பெயரை எழுதி உலர்ந்த எடையையே வைத்துக்கொண்டேன். பச்சையாக வாணலியில் போட்டு வறுப்பவர் போடும் எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பெயரும் எடையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், அதுதான் முக்கியம்.

எள் விஷயத்தில் ஒரு சின்ன யோசனை. நம் நாட்டின் எட்டு வகையில் எள் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளும் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள், ஐரோப்பாவில் எள்ளோடு கடுகும் சேர்த்தி. என் பொடியை வெளிநாட்டில் இருக்கும் தங்கள் மகன் வீட்டுக்குப் பெட்டியில் வைத்து எடுத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். எள் பட்டியலிலேயே பெயரோடு இருப்பதால் தேடுபவருக்குத் தெரியும். ஆனால் மசாலா என்றோ வாசனைப் பொருள்கள் என்றோ ஒரே சொல்லில் மூடி எழுதும் பொடிகளில் கடுகு இருக்கிறதா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. விதி பல மசாலாப் பொருள்களுக்கு அந்தப் பொதுப்பெயரை அனுமதித்தாலும் நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

மாவு மில்

இவ்வளவும் செய்து, அரிசி மாவு சேர்த்த பெருங்காயத்துக்கு மாறி, கோதுமை உள்ளது என்ற வரியை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். புது லேபிளுக்கு ஆர்டர் கொடுக்கிற அன்றைக்கு ஒரு ஈடு அரைக்க மில்லுக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா ஐந்து கிலோ கோதுமையோடு நின்றுகொண்டிருந்தார்.

எத்தனை வருடமாகப் பார்த்த காட்சி! ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன். கோதுமை அரைத்து முடித்து, துணிப்பையைத் தட்டிக் கட்டிக் கொடுத்தார் மில்காரர். பெட்டியின் உள்பக்கம் முழுக்க வெள்ளைப் பூச்சு. அடுத்தது என் முறை. "அண்ணே, இதுல முன்னாடி அரைச்சது எவ்வளவு தங்கும்?" என்று கேட்டேன். "கொஞ்சம் தங்கத்தாம்மா செய்யும். வேணும்னா ஒரு கிலோ அரிசியப் போட்டு ஒரு ஓட்டு ஓட்டிட்டு அரைச்சுத் தரேன்" என்றார். நல்ல மனிதர், அவர் சொன்னதில் தப்பில்லை. அரிசி ஓட்டினால் பெரும்பகுதி வந்துவிடும். ஆனால் பல்லிடுக்கிலும் சல்லடையிலும் துணிப்பையின் நூலிலும் இருப்பது வராது. துணிப்பையைத் துவைப்பது எப்போது என்று நான் கேட்கவில்லை, கேட்டு அவரைச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை. பொடியை அரைக்காமல் திரும்ப வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

அந்த இடத்தில்தான் லேபிளைப் பற்றிய என் எண்ணமே மாறியது. அதுவரை நான் என் கை எதைப் போட்டதோ அதை எழுதுவதுதான் லேபிள் என்று நினைத்திருந்தேன். என் பொடிக்குள் இருப்பதில் நான் போடாதவையும் உண்டு, நான் வாங்கிய டப்பா போட்டது, என் பொடி கடந்து வந்த இயந்திரம் போட்டது.

இப்படித் தொற்றிக்கொண்டு வருவதற்குத்தான் விதியில் "இருக்கலாம்" என்ற இரண்டாவது வாசகம் இருக்கிறது. சேர்மானமாகப் போட்டிருந்தால் "உள்ளது". போடாமல், அதே இடத்தில் அதே கருவியில் கையாள்வதால் வர வாய்ப்பிருந்தால் "இருக்கலாம்". இரண்டும் இடம் மாறக் கூடாது. கோதுமைப் பெருங்காயத்தைப் போட்டுவிட்டு, வாங்குபவர் பயந்துவிடுவாரே என்று "கோதுமை இருக்கலாம்" என்று மென்மையாக எழுதுவது பொய். முதல் நாள் நான் எழுதிப் பார்த்த வாசகமே அதுதான், அடித்துவிட்டேன். மறுபக்கம், எதற்கு வம்பு என்று எட்டு வகையையும் "இருக்கலாம்" என்று அடிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். என் அடுப்படியில் இறாலும் சோயாவும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இல்லாததையெல்லாம் எழுதினால், இருப்பதை எழுதும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

கடைசியில் சேமிப்பிலிருந்து எடுத்துச் சின்னதாக பல்வரைசர் என்ற அரவை இயந்திரம் ஒன்று வாங்கினேன். அதில் கோதுமை போகவே கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் அதே இயந்திரத்தில்தான் வேர்க்கடலைப் பொடியும் அரைக்கிறேன். வேர்க்கடலையை வாரக் கடைசியில் அரைத்து, சல்லடையையும் பையையும் கழற்றிக் கழுவிக் காயவைத்து, அப்புறம்தான் இட்லிப் பொடி. அப்படியும் "வேர்க்கடலை இருக்கலாம்" என்ற வரி லேபிளில் இருக்கிறது.

கோதுமை பற்றி? பெருங்காயத்தில் இல்லை, இயந்திரத்தில் இல்லை. ஆனால் உளுந்து வாங்கும் கடையில் ஒரே கரண்டி எல்லா மூட்டையிலும் போய் வருகிறது. பருப்பைப் புடைக்கும்போது எப்போதாவது ஒரு கோதுமை மணி கண்ணில் படும். அதனால் "கோதுமை இருக்கலாம்" என்பதும் நிற்கிறது. குளூட்டன் இல்லாதது என்று போட்டால் நிறைய விற்கும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அந்தச் சொல்லுக்கு 20 மில்லிகிராம் வரம்பைப் பரிசோதனைக் கூடத்தில் காட்ட வேண்டும், அதுவும் ஒரு முறை காட்டினால் போதாது, பருப்பு மாறும்போதெல்லாம் கணக்கு மாறும். என்னால் பொறுப்பேற்க முடியாத சொல் அது.

இப்போது வாங்கும் ஒவ்வொரு பொட்டலத்தின் பின்பக்கத்தையும் தொகுப்பு எண்ணோடு போனில் படம் எடுத்து, ஈட்டுத் தேதி போட்டு வைக்கிறேன். போன மார்கழியில் அதே பெயர், அதே நிறப் பெருங்காய டப்பாவில் சேர்மான வரிசை மாறி வந்தது. படம் இல்லாவிட்டால் கவனித்திருக்கவே மாட்டேன்.

192 கிராம்

லேபிளைப் பிரித்தபோது எடை வரியையும் பார்த்தேன். "நிகர எடை சுமார் 200" என்று போட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தில் ஜி, எம், எஸ் என்று மூன்று எழுத்து. இரண்டுமே தவறு. 2011 பொட்டலப் பொருள் விதிகளின்படி சுமார், ஏறத்தாழ, குறைந்தபட்சம் போன்ற சொற்கள் எடைக்கு முன்னால் வரக் கூடாது. கிராமுக்குக் குறியீடு ஜி என்ற ஒரே சின்ன எழுத்து, புள்ளியும் இல்லை, பன்மையும் இல்லை. திருத்துவது சுலபம்.

ஆனால் சுமார் என்று நான் ஏன் எழுதினேன் என்று யோசித்தபோது, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று எனக்கே நிச்சயமில்லை என்பதால்தான் என்று தோன்றியது. சரி, நிறுத்துப் பார்ப்போம் என்று கட்டி வைத்ததில் பத்து பாக்கெட்டைப் பொறுக்கி எடுத்தேன். ஒவ்வொன்றும் தராசில் 202 காட்டியது. பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டி வெறும் கவரை நிறுத்தால் 10 கிராம். பொடி 192 தான்.

எப்படி என்று பின்னால் போய்ப் பார்த்தேன். முதல் வருடம் மெல்லிய பாலிதீன் கவர், அது 2 கிராம். 202 வரும் வரை நிரப்பு என்று உதவிக்கு வரும் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அப்புறம் ஜிப் வைத்து நிற்கிற கனமான கவருக்கு மாறினோம். கவர் மாறியது, 202 மாறவில்லை. அவள் நான் சொன்னதைத்தான் செய்தாள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 200 கிராம் பாக்கெட்டுக்கு விதி அனுமதிக்கும் பிழை 4.5 சதவீதம், அதாவது 9 கிராம். 192 என்றால் 8 தான் குறைவு. ஒவ்வொரு பாக்கெட்டையும் தனியாக எடுத்தால் தேறிவிடும். ஆனால் அந்தப் பிழை, கை தவறி ஒன்றில் குறைந்து இன்னொன்றில் கூடுவதற்காகக் கொடுத்தது. பல பாக்கெட்டை எடுத்துச் சராசரி பார்க்கும்போது அது எழுதிய எடைக்குக் குறையக் கூடாது. என்னுடையவை எல்லாமே ஒரே பக்கம் குறைந்திருந்தன. இருபத்தைந்து பாக்கெட் வாங்கியவருக்கு ஒரு பாக்கெட் பொடி போய்ச் சேரவில்லை.

இப்போது அந்தந்தக் கவரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு 202 வரை நிரப்புகிறோம். தராசு ஒரு கிராம் வித்தியாசம்தான் காட்டும் என்பதால் அந்த இரண்டு கிராம் அதிகம். ஆன்லைனில் வாங்கிய சமையலறைத் தராசை ஒதுக்கிவிட்டு, முத்திரை போட்ட தராசு வாங்கி, வருடா வருடம் சரிபார்த்து மறு முத்திரை வைத்துக்கொள்கிறேன். கடைசி பாக்கெட் கட்டியதும் ஏதாவது ஐந்தை எடுத்து நிறுத்து நோட்டில் எழுதுகிறேன்.

புது லேபிள் அச்சாகி வந்த அன்று அந்தப் பெண்ணுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "கோதுமை இருக்கலாம்னு போட்டிருக்கேம்மா. தம்பிக்கு இது வேண்டாம்." கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "அக்கா, அப்போ அளவு மட்டும் சொல்லுங்க, வீட்டிலயே அரைச்சுக்கறேன்" என்றார். முழு உளுந்தாக வாங்கி, தட்டில் பரப்பி ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி, கழுவி வெயிலில் காயவைக்கச் சொன்னேன். உளுந்தில் பாதி அளவு கடலைப்பருப்பு, அதையும் அதே மாதிரி. பெருங்காயத்தை விட்டுவிட்டு நாலு பல் பூண்டைத் தோலோடு எண்ணெயில் சுருள வதக்கிப் போடலாம் என்றேன். பூண்டு ஈரம் இருக்கும், பத்து நாளைக்குள் தீர்த்துவிடணும் என்பதையும் சொன்னேன். "மிக்ஸி?" என்று அவரே கேட்டார். சப்பாத்தி மாவு சம்பந்தப்பட்ட எதற்கும் போகாத ஜார் ஒன்று தனியாக வைத்திருக்கிறாராம், மூடியில் பிள்ளையின் பெயரை ஒட்டியிருக்கிறாராம்.